மொத்தம் ஒன்று சொன்னது, வயது வேறு சொன்னது

சர்வே நிறுவனத்தில் கிராஸ்டேப், அதாவது பதில்களைப் பிரிவு பிரிவாக எண்ணி அட்டவணை போடும் வேலையில் சேர்ந்த புதிதில், சதவீதம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்தேன். பயிற்சிக்கு மேடம் கொடுத்தது இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகில் உள்ள விக்கம் என்ற ஊரின் கணக்கு. 1972–74இல் அங்கே எடுத்த சர்வேயில், அப்போது புகைத்துவந்த பெண்கள் 582 பேர், புகைத்ததே இல்லாதவர்கள் 732 பேர். 20 ஆண்டு கழித்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள்.

நான் போட்ட அட்டவணையில் புகைத்தவர்களில் இறந்தவர்கள் 139, அதாவது 24 சதவீதம். புகைக்காதவர்களில் 230, 31 சதவீதம். ஏதோ ஃபார்முலா தப்பு என்று இரண்டு முறை சரிபார்த்தேன். தப்பில்லை.

"வயசை உடைச்சுப் பாரு தம்பி" என்றார் மேடம்.

உடைத்தேன். 55–64 வயதில் புகைத்தவர்களில் 44 சதவீதம் இறந்திருக்கிறார்கள், புகைக்காதவர்களில் 33. 45–54இல் 21க்கு 15. 35–44இல் 13க்கு 6. ஏறக்குறைய எல்லா வயதிலும் அப்படியே தலைகீழ். 25–34இல் மட்டும் புகைக்காதவர்கள் ஒரு மயிரிழை அதிகம்; ஆனால் அந்த வயதில் இரு பக்கமும் சேர்த்தே 8 சாவுதான், அதில் எதையும் படிக்க முடியாது.

காரணம் நான் பார்க்காமல் விட்ட பேஸ் எண்களில், அதாவது ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்பதில் இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்கள் புகைக்காதவர்களில் 193 பேர், புகைத்தவர்களில் வெறும் 49. 20 ஆண்டில் அந்த வயதுக்காரர்கள் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் பெரும்பாலும் போய்விடுவார்கள். மொத்தச் சதவீதம் ஒப்பிட்டது புகையை அல்ல, பாட்டிகளின் எண்ணிக்கையை. இரு பக்கத்துக்கும் ஒரே வயதுக் கலவையைக் கொடுத்து மறுபடி கூட்டினால் புகைத்தவர்களுக்கு 30, புகைக்காதவர்களுக்கு 26 என்று வருகிறது. இந்தப் புரட்டலுக்குப் பெயர் சிம்ப்சன் முரண்.

அதன்பிறகு கொஞ்ச நாள் கண்ணில் பட்ட கேள்வியால் எல்லாம் உடைத்துத் தள்ளினேன். அதற்கும் திட்டு வாங்கினேன். விக்கம் கணக்கையே, பின்னால் இதய நோய் வந்தவர், வராதவர் என்று பிரித்தால் என்ன ஆகும் என்று கேட்டார் மேடம். புகை ஆளைக் கொல்லும் வழிகளில் அந்த நோயும் ஒன்று. நோய் உள்ளவர்களை நோய் உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிட்டால், புகை செய்த கெடுதலில் ஒரு பங்கை நாமே அழித்துவிடுகிறோம். வயது அப்படி இல்லை, புகைத்ததால் யாருக்கும் பிறந்த வருடம் மாறுவதில்லை. ஆனால் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று அட்டவணையில் எழுதியிருக்காது. எண்களும் இரண்டு பிரிப்பிலும் ஒரே மாதிரி புரளக்கூடும்.

இப்போது நான் பேனர், அதாவது அட்டவணையின் தலையில் வரும் பிரிவுகளின் வரிசை தயாரிக்கும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'முன்' அல்லது 'பின்' என்று குறித்துக்கொள்கிறேன். 'பின்' விழுந்ததைக் கேட்டால் மட்டும் தருகிறேன். பேஸ் வரிசையைச் சதவீதத்துக்கு மேலே, தடித்த எழுத்தில் போடுகிறேன். சில கிளையன்ட்டுகள் அதை அழித்துவிட்டுத்தான் பிரசன்டேஷனில் ஒட்டுகிறார்கள்.