கியூடிஎஸ் வாங்கின கதை: பரீட்சை இல்லை, இனிஷியல்தான் இடித்தது

துபாய்க்கு வேலை கிடைத்ததும் பழைய ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன எக்ஸாம் எழுதினே?" எதுவும் எழுதவில்லை. அலைந்தது முழுக்க பேப்பருக்காகத்தான்.

நான் பி.எஸ்ஸி. கணிதம், பி.எட்., ஒன்பது வருட அனுபவம். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு மூன்று மாதம் விண்ணப்பம் போட்டேன், ஒரு பதில்கூட வரவில்லை. விளம்பரங்களைத் திரும்பப் படித்தபோதுதான் பாதிக்கு மேல் கியூடிஎஸ் கேட்டிருந்தது கண்ணில் பட்டது. அது இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதி அங்கீகாரம். 2023 பிப்ரவரியில் இருந்து இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். gov.uk தளத்திலேயே செய்யலாம், கட்டணமும் இல்லை. (இதற்குப் பணம் கேட்கும் ஏஜெண்டுகள் உண்டு, அவர்கள் செய்வதும் அதே படிவத்தை நிரப்புவதுதான்.) ஆனால் நம்மூர் ஆசிரியர்களில் 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல் அல்லது பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற அயல்மொழி நடத்தத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி. என்னோடு வேலை பார்த்த சமூக அறிவியல் அக்காவுக்கு இது கிடையாது.

பட்டம், பி.எட்., இரண்டின் மதிப்பெண் பட்டியல்கள், ஆங்கிலவழியில் படித்ததற்குக் கடிதம், வேலை அனுபவம், இவ்வளவுதான் கேட்டார்கள். நான் பி.எட். முடித்தது 2013-இல், அப்போது அது ஒரு வருடப் படிப்பு. இப்போது இரண்டு வருடம் ஆகிவிட்டதே, நம்முடையதைத் தள்ளிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒரு கல்வியாண்டு முழுதாக இருந்தால் போதும் என்பதால் அதில் பிரச்சினை வரவில்லை.

பிரச்சினை வந்தது பெயரில். சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. நம்மூரில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை, அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இவர்கள் இரண்டு வேறு பெண்கள். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி, அப்பா பெயர் இருக்கும் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது அனுபவச் சான்று. நாம் கையில் வாங்கி வைத்திருக்கும் கடிதத்தோடு முடியாது, அவர்களே பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கிறார்கள். என் பழைய பள்ளி நிர்வாகத்துக்கு இருந்ததே ஒரு ஜிமெயில் முகவரிதான், அதையும் யாரும் திறப்பதில்லை. பள்ளியின் பெயரில் இருக்கும் முகவரியாகக் கொடுங்கள் என்று திரும்பி வந்தது. இரண்டு முறை நேரில் போய், தலைமை ஆசிரியை மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பாம் பெட்டியில் தேடி எடுத்தோம்.

கியூடிஎஸ் வந்த பிறகு நேர்காணல் அழைப்புகள் வர ஆரம்பித்தன. சர்வதேசப் பள்ளிகள் ஆகஸ்ட் சேர்க்கைக்கு நவம்பரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும், நாம் வழக்கம்போல ஏப்ரலில் தேடினால் மிச்சம் மீதிதான் இருக்கும். முதல் வீடியோ நேர்காணலில் பாடம் பற்றிய கேள்விகளை எல்லாம் நன்றாகச் சொல்லிவிட்டு வேறொன்றில் மாட்டினேன். "ஒரு மாணவி, யாருகிட்டயும் சொல்லாதீங்க மிஸ்னு ஒரு விஷயம் சொல்ல வர்றா, என்ன செய்வீங்க?" நான் பாசமாக, "அவள் நம்பிக்கையைக் காப்பாற்றுவேன்" என்றேன். அதோடு முடிந்தது. ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. கவனமாகக் கேட்க வேண்டும், கிளறிக் கிளறி விசாரிக்கக் கூடாது, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் அன்றைக்கே கொடுக்க வேண்டும். அடுத்த பள்ளியிலும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். பிரசவத்துக்காக வேலையை விட்டிருந்த இரண்டு வருடத்தையும் விடாமல் கேட்டார்கள். குத்திக்காட்டுவதற்காக இல்லை, வேலை வரலாற்றில் விளக்கமில்லாத இடைவெளி எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி.

வேலை உறுதியானதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கியூடிஎஸ் இருந்தாலும் பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டெஸ்டேஷன் வாங்கித்தான் ஆக வேண்டும், போலீஸ் கிளியரன்ஸ் தனி. அதற்கு பாஸ்போர்ட் சேவா மையத்தில் உட்கார்ந்திருந்தபோது அங்கிருந்த அம்மா பேப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேரு ஏம்மா ரெண்டு விதமா இருக்கு?" பையில் அஃபிடவிட் நகல் ஆறு இருந்தது, ஒன்றை எடுத்து நீட்டினேன்.