அம்மாவின் ரீஃபண்ட் எங்கே நின்றது

அம்மாவுக்கு குடும்ப ஓய்வூதியமும் வைப்பு நிதி வட்டியும்தான் வருமானம். கட்ட வேண்டிய வரி எதுவுமில்லை. ஆனாலும் வட்டியில் 18,400 ரூபாயை வங்கி டிடிஎஸ்ஸாகப் பிடித்திருந்தது. அதைத் திரும்பப் பெற 2024 ஜூலையில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்து, ஆதார் ஓடிபி போட்டு சரிபார்த்தும் முடித்தோம். ரிட்டர்னைப் பரிசீலித்து முடித்ததும் வரித் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு செப்டம்பரில் மெயிலில் வந்தது. அந்த பிடிஎஃப்பைத் திறக்க பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியைச் சேர்க்க வேண்டும். உள்ளே, பிடித்த தொகைக்கு 552 ரூபாய் வட்டியும் சேர்த்திருந்தார்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம், மாதத்துக்கு அரை சதவீதம். கூட்டி, பத்தின் மடங்காக்கி 18,950 ரூபாய் ரீஃபண்ட் என்று போட்டிருந்தார்கள்.

பணம் மட்டும் வரவில்லை.

ரிட்டர்ன் பரிசீலனை முடிந்த பிறகு கணக்கில் வரவாக நான்கைந்து வாரம் ஆகலாம் என்று வருமான வரி இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. அதுவரை யாரையும் கேட்டுப் பயனில்லை. அதற்கு மேல் ஆனபோது எனக்குத் தெரிந்த ஆடிட்டர் அண்ணனிடம் கேட்டேன். "ரீஃபண்ட் எப்ப வரும்னு கேட்டா, 'காத்திருக்கவும்'னுதான் பதில் வரும். எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு முதல்ல நீ பாரு" என்றார்.

e-File பகுதியில் View Filed Returns போய்ப் பார்த்தால், தாக்கல், சரிபார்ப்பு, பரிசீலனை என ஒவ்வொரு கட்டமும் தேதியோடு வரிசையாக இருக்கும். பரிசீலனையே முடியவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பழைய வரிப் பாக்கியில் கழித்துக்கொண்டார்கள் என்றால் 245-ஆம் பிரிவு நோட்டீஸைத் தேட வேண்டும். அம்மாவுக்கு இரண்டுமில்லை: Refund Failed என்றிருந்தது. அனுப்பிய பணம் கணக்கில் சேராமல் திரும்பியிருக்கிறது.

காரணம் வங்கிப் பக்கம். ரிட்டர்ன் போட்ட பிறகு அம்மாவின் கிளையைப் பக்கத்துக் கிளையோடு இணைத்துவிட்டார்கள். கணக்கு எண் அதேதான். ஐஎஃப்எஸ்சி மட்டும் மாறிவிட்டது. பாஸ்புக் அடிக்கப் போனபோதுதான் அம்மாவுக்கே தெரிந்தது. My Bank Accounts பக்கத்தில் புதிய ஐஎஃப்எஸ்சியைப் போட்டு மறுபடி சரிபார்த்தோம். Validated என்று வந்ததும், ரீஃபண்டுக்கு அந்தக் கணக்கையே தேர்ந்தெடுத்து, Refund Reissue கோரிக்கையைச் சமர்ப்பித்தோம். இதற்கும் ஓடிபி உண்டு. அம்மாவின் போன் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையில் உட்காரவே கூடாது.

கோரிக்கை ஏற்கப்பட்டும் வெகு நாள் அசைவில்லை. அப்போதுதான் Grievances பகுதியில் எழுதினேன். துறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் CPC-ITR என்பதைக் கொடுக்க வேண்டும். ரிட்டர்னைப் பரிசீலிப்பது அவர்கள்தான்; வட்டார வரி அதிகாரிக்கு எழுதினால் அங்கிருந்து இங்கே சுற்றி வரும்.

ஒப்புகை எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தேன். 15 இலக்கம், கடைசி ஆறும் தாக்கல் தேதி. அம்மாவின் எண் 180724 என்று முடிந்தது, அதாவது 2024 ஜூலை 18. அந்த ஆறில் இலக்கம் இடம் மாறியிருந்தால் இதிலேயே பிடிபட்டுவிடும். திருத்திய ரிட்டர்ன் போட்டவர்களுக்கு அதற்கென்று தனி ஒப்புகை எண் உண்டு. அப்போது அதைத்தான் குறிப்பிட வேண்டும். கணக்கு எண்ணை முழுதாக எழுதத் தேவையில்லை, கடைசி நான்கு இலக்கம் போதும்.

ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்:

"2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான என் ரிட்டர்ன், இந்த ஒப்புகை எண்ணில், 18.07.2024 அன்று தாக்கலாகி அன்றே சரிபார்க்கப்பட்டது. 143(1) அறிவிப்பின்படி ரீஃபண்ட் 18,950 ரூபாய். அறிவிப்பின் எண்ணும் தேதியும் இவை. வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி மாறியதால் பணம் சேரவில்லை. புதிய விவரம் சரிபார்க்கப்பட்டு, மறு வழங்கல் கோரிக்கையும் இந்த எண்ணில் கொடுத்துள்ளேன். பணம் வழங்கும் வங்கிக்கு அது அனுப்பப்பட்டுவிட்டதா? இல்லையெனில் என்னிடமிருந்து வேறு என்ன தேவை?"

எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறோம், அம்மாவுக்கு என்ன வயது என்பதெல்லாம் முதலில் எழுதிவிட்டுப் பிறகு அழித்துவிட்டேன். படிப்பவருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. கடைசிக் கேள்விகள் இரண்டுக்கும் திரையைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். அறிவிப்பின் பிடிஎஃப்பையும், புதிய ஐஎஃப்எஸ்சி தெரியும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் இணைத்தேன்.

மறு வழங்கல் ஏற்கப்பட்டு, ரீஃபண்ட் வங்கிக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. பணமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதில் 18,400 அம்மாவின் சொந்தப் பணம், அதற்கு வரியில்லை. வட்டியாக வந்தது மட்டும் வருமானம்; பணம் வந்த ஆண்டின் ரிட்டர்னில் இதர வருமானத்தில் காட்ட வேண்டும் என்று ஆடிட்டர் அண்ணன் சொல்லி, குறித்து வைத்திருக்கிறேன்.