ஆத்தங்குடிக் கல் பட்டறையும் சைட் சூப்பர்வைசர் வேலையும்: அனுமதி வாங்கிய விதம்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஒரு நிறுவனம். அங்கே சைட் சூப்பர்வைசராக இருப்பவருக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றில் பாதிப் பங்கு. அந்தப் பங்கை வைத்துக்கொண்டே வேலையிலும் தொடர அனுமதி கேட்ட விண்ணப்பத்தை அலுவலகத்தில் கையாண்டவர்கள் நாங்கள்.

தனியார் வேலையில் இருப்பவர் சொந்தத் தொழில் செய்யவே கூடாது என்று பொதுச் சட்டம் ஏதும் இல்லை. நியமனக் கடிதம்தான் பேசும். இவருடையதில் "எழுத்துபூர்வ அனுமதியின்றி வேறு வருமான வேலை கூடாது" என்று இருந்தது.

முதலில் வந்த கடிதத்தில் "ஓய்வு நேரத்தில் சிறு தொழில்" என்ற ஒரே வரி. திருப்பி அனுப்பினோம். பட்டறை யார் பெயரில், பங்கு எவ்வளவு, யாருக்கு விற்கிறார்கள், எந்தக் கிழமை எத்தனை மணி நேரம் அங்கே இருப்பார் என்பதெல்லாம் வேண்டும். மனைவி பெயரில் இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். ஜிஎஸ்டி எண் இருந்தால் உரிமையாளர் பெயரை யார் வேண்டுமானாலும் ஜிஎஸ்டி இணையதளத்தில் பார்க்கலாம். மறைத்தது அப்புறம் தெரிந்தால் பட்டறையை விட்டுவிட்டு மறைத்ததைத்தான் விசாரிப்பார்கள்.

உண்மையான சிக்கல் சேதாரக் கணக்கில் இருக்கிறது. எட்டு அங்குலக் கல் ஒன்பது சேர்ந்தால் 4 சதுர அடி. 1,000 சதுர அடித் தளத்துக்கு 2,250 கல். மூலை வெட்டுக்கும் உடைசலுக்கும் எவ்வளவு கூட்டுவது என்று சொல்பவர் சூப்பர்வைசர். 5 சதவீதம் என்றால் 113 கல், 15 என்றால் 338. கை வேலைக் கல்லில் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் ஒரே தடவையில் கூடுதலாக வாங்கி வைப்பதும் நியாயமே. ஆனால் விற்பவரும் அவரே என்றால், அவர் நேர்மையாகச் சொன்ன 15-ஐயும் யாரும் நம்ப மாட்டார்கள். வேலை நடக்கும் இடத்தில் வந்து இறங்கும் கல்லில் விரிசல் பார்த்துத் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை என்பதை விண்ணப்பத்தில் அவரே எழுதவில்லை. நாங்கள் கேட்டுச் சேர்த்தோம்.

அதனால் இப்படி அனுமதித்தோம்: நிறுவனம் தன் கணக்கில் அந்தப் பட்டறையில் வாங்காது. வீட்டுக்காரரே அங்கேதான் வேண்டும் என்றால், பங்கு விவரத்தை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அளவெடுப்பதும் கல்லை எண்ணி இறக்குவதும் வேறொரு சூப்பர்வைசர்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரம் 48 மணி நேர வேலை போக ஞாயிறு காலை மட்டும் பட்டறை என்று அவர் எழுதியிருந்தார். ஞாயிறு ஒரு பிரச்சினையே இல்லை. லாரி எங்கே நிற்கிறது, சிமென்ட் வந்ததா என்று வார நாளில் வரும் போன்தான் நேரத்தைத் தின்னும். பட்டறைக்கு வரும் போனை இன்னொரு பங்காளி எடுப்பார் என்று அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டோம்.

அனுமதி ஒரு வருடத்துக்கு. பங்கு கூடினாலோ, இவருக்குக் கொள்முதல் பொறுப்பு வந்தாலோ அன்றே மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.