சராசரி தேறியது, ஒரு கோர் தேறவில்லை: ஒரு கான்கிரீட் தூணின் கோர் சோதனை அறிக்கை

தரைத்தளத்தில் 300 × 450 மிமீ காலம், அதாவது கான்கிரீட் தூண். குறிப்பிட்ட தரம் எம்30, அதாவது 30 எம்பிஏ வலு, ஜல்லி 20 மிமீ, சிமென்ட் பிபிசி. அன்றைய வார்ப்பில் எடுத்த கியூப் மாதிரிகளில் ஒன்றின் 28 நாள் சராசரி 24.8 எம்பிஏ. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 ஒரு தனி மாதிரிக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பு, தரத்திலிருந்து 3 கழித்தது, அதாவது 27. மாதிரி தேறவில்லை. அதற்குள் மேல்தளமும் ஏறிவிட்டதால் காலத்திலேயே துளையிட்டு உருளைத் துண்டுகளாகக் கோர் எடுப்பதென்று முடிவாயிற்று. ரீபவுண்ட் ஹேமர் அடித்துப் பார்த்து எண் நன்றாக வந்திருந்தாலும் அதை வைத்து ஏற்க முடியாது. அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்கிறது. காலத்தில் எந்தப் பகுதியைச் சந்தேகிக்கலாம் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது.

கோர் எடுக்கும் இடம்தான் முடிவைப் பாதி எழுதிவிடுகிறது. ஐஎஸ் 456 மூன்றுக்குக் குறையாமல் கோர் கேட்கிறது. மூன்றையும் ஒரே மட்டத்தில் எடுத்தால் அந்த இடத்தில் காலத்தின் குறுக்குவெட்டு வீணாகும், கான்கிரீட்டைப் பற்றியும் ஒரே செய்திதான் கிடைக்கும். ஆகவே 3 மீட்டர் உயரக் காலத்தில் தரையிலிருந்து 600 மிமீ-யில் ஒன்று, நடுவில் ஒன்று, பீமின் அடிமட்டத்துக்கு 250 மிமீ கீழே ஒன்று என்று பிரித்தோம். கவர் மீட்டரால் கம்பியையும் ரிங்கையும் சாக்பீஸில் வரைந்துவிட்டு, 450 மிமீ அகல முகத்தில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே துளையிட்டோம். கோரின் விட்டம் 94 மிமீ. ஜல்லியின் அளவைப்போல மூன்று மடங்காவது வேண்டும் என்ற விதிக்கு 60 போதும். ரிங் ஒன்றை அறுத்துவிட்டால் பிறகு கான்கிரீட் நன்றாக இருந்தும் காலம் பழுதாகிவிடும், அதனால் இந்த வரைவுக்கு எத்தனை நேரம் ஆனாலும் கொடுக்கலாம்.

கோர் கைக்கு வந்ததும், நசுக்குவதற்கு முன், ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, எடை போட்டு, அதில் கண்டதை எழுதி ஒப்பமிட வேண்டும். ஓட்டை, கம்பித் துண்டு, துளையிடும்போது விழுந்த விரிசல், ஜல்லி பரவிய விதம் எல்லாம் இதில் வரவேண்டும். குறைந்த எண் வந்த பிறகு 'அந்தக் கோரில் குறை இருந்தது' என்று சொன்னால் யாரும் ஏற்க வேண்டியதில்லை. முன்பே எழுதி வைத்திருந்தால் மட்டும் அது காரணமாகும்.

நுனிகளை அறுத்துச் சமப்படுத்தி, தரநிலை கேட்கும் ஈரநிலையில் சோதித்தபோது வந்தவை இவை. முதல் கோர் (கீழே): நீளம் 150 மிமீ, உடைந்த சுமை 172 கிலோநியூட்டன். இரண்டாவது (நடு): 141 மிமீ, 152. மூன்றாவது (மேல்): 132 மிமீ, 128. குறுக்குவெட்டுப் பரப்பு 6,940 சதுர மிமீ.

இந்த எண்களை அப்படியே தரத்தோடு ஒப்பிடக் கூடாது. நீளத்துக்கும் விட்டத்துக்குமான விகிதம் 2-ஐவிடக் குறைந்தால் இயந்திரத்தின் தட்டுகள் கோரை இறுக்கிப் பிடித்து வலுவைக் கூட்டிக் காட்டும். விகிதத்தை N என்று கொண்டால் அதற்கான திருத்தக் காரணி:

```
F = 0.11 × N + 0.78
```

பிறகு உருளை வலுவைக் கியூப் வலுவாக்க 1.25-ஆல் பெருக்குகிறோம். முதல் கோருக்கு N = 1.60, F = 0.956. 172,000 ÷ 6,940 = 24.8, திருத்தினால் 23.7, கியூபாக 29.6 எம்பிஏ. இதே வழியில் இரண்டாவது 25.9, மூன்றாவது 21.5. சிறிய விட்டத்துக்கான திருத்தம் வலுவைக் கூட்டும் என்பதால், பாதுகாப்பான பக்கம் நிற்க அதை எடுக்கவில்லை. அப்படி எடுக்கவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதினோம்.

ஏற்பு விதி ஐஎஸ் 456, உட்பிரிவு 17.4.3. கோர்களின் சராசரி தரத்தின் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தனிக்கோர் எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்30-க்கு இவை 25.5, 22.5. நமது சராசரி 25.7, தேறுகிறது. மூன்றாவது கோர் 21.5, தேறவில்லை. இரண்டும் சேர்ந்த நிபந்தனை என்பதால் காலம் ஏற்கத்தக்கதல்ல.

85 சதவீதம் என்பது ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தள்ளுபடி அல்ல. தளத்தில் வைப்ரேட்டர் ஓடிய விதமும் நீராட்டிய விதமும் ஆய்வகக் கியூபைப் போல இருப்பதில்லை. துளையிடும் அதிர்வும் கோரைச் சற்று நோகடிக்கிறது. காலத்தினுள் இருக்கும் கான்கிரீட் கியூபைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதை வடிவமைப்பு விதி ஏற்கெனவே கணக்கில் வைத்திருக்கிறது. 75 சதவீத எல்லை வேறொன்றைக் காக்கிறது: நல்ல பகுதிகளின் சராசரிக்குள் ஒரு பலவீனமான இடம் ஒளிந்துவிடக் கூடாது. காலத்தில் பாரம் கீழே இறங்க வேறு பாதை இல்லை. மிக மெலிந்த மட்டமே மொத்தத்தின் வலுவாகிறது.

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு யோசனைகள் வரும். கீழ்ப்பகுதியில் இன்னும் நான்கு கோர் எடுத்தால் சராசரி ஏறும் என்பது ஒன்று. ஏறும், ஆனால் 21.5 அங்கேயே இருக்கும். மூன்றாவது கோரைத் தூக்கிவிடலாம் என்பது மற்றது. முன்பே எழுதிய குறிப்பில் அந்தக் கோரில் கம்பியும் இல்லை, விரிசலும் இல்லை. இருந்தது வேறு: சாந்து அதிகம், ஜல்லி குறைவு, ஜல்லியின் அடிப்பக்கத்தில் மெல்லிய குழிகள். கலவையில் தண்ணீர் மிகுந்தால் அது மேலேறும்போது ஜல்லிக்கு அடியில் சிக்கி இப்படிக் குழியாகும். கோரின் எண் கான்கிரீட்டைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது.

அதனால் பலவீனம் எதுவரை இறங்குகிறது என்று பார்த்தோம். 300 மிமீ தடிமனின் ஊடே, 300 மிமீ-க்கு ஒரு புள்ளியாக மீயொலி வேகம் எடுத்ததில், கீழே நொடிக்கு 4.2 கிலோமீட்டர் இருந்தது பீமுக்கு அடியில் கடைசி 600 மிமீ-யில் 3.4-ஆக இறங்கியது. வேகத்தை வலுவாக மாற்றவில்லை. எல்லை தெரிந்ததே போதும்.

அடுத்தது பாரச் சோதனையா என்றால், ஐஎஸ் 456-இன் உட்பிரிவு 17.7 வளையா உறுப்புகளைப் பகுப்பாய்வால் சரிபார்ப்பதையே விரும்புகிறது. காலத்தின் மேல் மணல்மூட்டை ஏற்றிப் பார்ப்பதில் பொருளில்லை. எட்டு 20 மிமீ கம்பி (2,513 சதுர மிமீ), எஃப்இ500. மிகக் குறைந்த 21.5-ஐ 0.85-ஆல் வகுக்காமல் அப்படியே தர வலுவான fck இடத்தில் வைத்தோம்:

```
Pu = 0.4 × fck × Ac + 0.67 × fy × Asc
   = 0.4 × 21.5 × 132487 + 0.67 × 500 × 2513
   ≈ 1981 kN
```

எம்30 ஆக இருந்திருந்தால் 2,432 கிலோநியூட்டன் கிடைத்திருக்கும். வடிவமைப்பாளர் கொடுத்த காரணிப்படுத்திய பாரம் 1,480. இந்தச் சூத்திரம் குட்டைக் காலத்துக்கும் மிகச் சிறிய மையவிலகலுக்கும் மட்டுமே பொருந்தும் என்பதால் இதோடு நிறுத்த முடியாது. மெலிந்த பகுதி பீமுக்கு அடியில், வளைதிருப்புத் திறன் பெரிதாக வரும் இடத்தில் இருக்கிறது. நிலநடுக்கச் சேர்க்கைகளோடு அதே 21.5-ஐ வைத்து, பாரத்தையும் வளைதிருப்பையும் சேர்த்துப் பார்க்கும் இடைவினை வளைவில் சரிபார்த்த பிறகுதான் தாங்கும் என்று எழுதினோம். வளைவுக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்திருந்தாலும் காலத்தைச் சுற்றிப் புது உறை போடும் ஜாக்கெட்டிங்தான், அதுவும் தளத்தின் ஊடே கம்பி கடந்து போகும்படி.

அறிக்கையின் முடிவுப் பகுதியில் இரண்டு வாக்கியங்களைத் தனித்தனியாக வைத்தோம். ஒன்று: இந்தக் காலத்தின் கான்கிரீட் 17.4.3-இன்படி ஏற்கத்தக்கதல்ல. மற்றது: 21.5 எம்பிஏ வலுவுக்கு மறுகணக்கிட்டதில் தற்போதைய பாரங்களைக் காலம் தாங்கும். மேலே இன்னொரு தளம் சேர்த்தால் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டையும் கலந்து 'திருப்திகரம்' என்று எழுதினால் தரக்குறைவுக்கான பணப்பிடித்தமும் பிறகு தளம் ஏற்றும்போது வேண்டிய எச்சரிக்கையும் ஒருசேரக் காணாமல் போகும். கோர் துளைகளைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்த தேதியும், மேல் 600 மிமீ-யில் நீர் புகாமல் இருக்கப் பூசவேண்டிய காப்புப் பூச்சும் அதே பக்கத்தில் இருக்கின்றன.