நேரமே இல்லம்மா

இன்று காலை முழுக்க "நேரமே இல்லம்மா" என்ற ஒரு வரியோடு உட்கார்ந்திருந்தேன்.

என் ஆய்வேட்டுக்காக நான் பேட்டி எடுத்த 12 ஆசிரியர்களில் 9 பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துப்படியில் அந்த வரி வந்த எல்லா இடத்திலும் 'நேரமின்மை' என்று குறியிட்டு, அதையே கருப்பொருளாக்கி முடிவுகள் இயலில் எழுதியும் விட்டேன்.

இன்று அந்த 9 பகுதிகளையும் முன்பின் வரிகளோடு வெட்டி மேசையில் பரப்பினேன். 6 பேர் பேசுவது பதிவேடு எழுதுவது, செயலியில் மதிப்பெண் ஏற்றுவது பற்றி.

மற்ற 3 பேர் சொல்வது வேறு.

"அந்தப் பிள்ள வாயத் திறக்கறதுக்குள்ள மணி அடிச்சிருது" என்கிறார் ஒரு டீச்சர். அப்புறம் ஒலிப்பதிவில் நான்கு நொடி மௌனம். தட்டச்சு செய்தபோது அதை விட்டிருந்தேன்.

'நேரமின்மை' அவர்கள் பேசிய தலைப்பு, அவ்வளவுதான். சொன்ன பொருள் அதற்குள் இரண்டாக இருக்கிறது. 9 பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் அதைக் கருப்பொருளாக்கிவிடாது.

குறியைப் பிரித்தேன்: 'கற்பித்தலைத் தின்னும் பதிவு வேலை', 'காத்திருக்க விடாத மணி'.

சரி, இனி 12 பேட்டிகளையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். நேரம் என்ற சொல்லே வராமல் இதைச் சொன்னவர்கள் இருப்பார்கள்.

அந்த நான்கு நொடியை எழுத்துப்படியில் சேர்த்துவிட்டேன்.