else என்று எழுதிய கட்டம்

"இந்தப் பதில் வரவே இல்லைன்னா?" என்று, நான் வரைந்த சீக்வென்ஸ் டயகிராமைப் பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியர் கேட்டார். பேமென்ட் அமைப்பிலிருந்து கடைக்குத் திரும்பும் புள்ளிக்கோட்டு அம்பின் மேல் அவர் விரல் இருந்தது. "அதான் கீழே else இருக்கே, அதுல வந்துடும்" என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த அம்புக்குப் போய்விட்டோம். மொத்தப் பேச்சும் அரை நிமிடம் இருக்காது. ஆனால் அந்த அரை நிமிடம் இன்னும் என்னை விடவில்லை.

யார் யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார்கள் என்று காட்டும் அந்தப் படம் எளிமையானதுதான். வாடிக்கையாளர், கடை, பேமென்ட் என்று மூன்று செங்குத்துக் கோடுகள். வாடிக்கையாளர் ஆர்டரை உறுதி செய்கிறார். கடை பேமென்டுக்குக் கோரிக்கை அனுப்புகிறது. பதில் திரும்புகிறது. அந்தப் பதிலுக்குக் கீழே, இப்படியானால் இது, இல்லையென்றால் அது என்று பிரிக்கும் ஒரு alt சட்டம் போட்டிருந்தேன்:

```
alt SUCCESS
  Shop -> Customer: Order confirmed
else
  Shop -> Customer: Payment failed
end
```

இதைப் பார்த்துத்தான் நிரல் எழுதினார்கள், எழுத்துப் பிசகாமல் எழுதினார்கள். பதில் SUCCESS என்றால் ஆர்டர் உறுதி. வேறு எதுவானாலும் "பணம் செலுத்தப்படவில்லை, மீண்டும் முயலவும்." அவர்கள்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

சில வாரங்கள் கழித்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தார். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறது என்றார். உதவிப் பிரிவில் இருந்தவர் எங்கள் அட்டவணையைப் பார்த்தார். முதல் முயற்சி FAILED, இரண்டாவது PAID. "முதல் தடவை பணம் எடுக்கப்படவே இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் மறுபடி அழைத்தபோதும் அதே பதில்தான் கிடைத்தது. மூன்றாவது முறை அழைத்த பிறகுதான் விஷயம் எங்களிடம் வந்தது.

பேமென்ட் அமைப்பு நாள்தோறும் அனுப்பும் கணக்கை எடுத்து, எங்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அங்கே அந்த ஒரே ஆர்டர் எண்ணுக்கு இரண்டு வெற்றிகள் இருந்தன. பதிவுகளில் நேரத்தைத் தேடியபோது கதை தெளிவானது. கடை கோரிக்கையை அனுப்பிவிட்டு 10 விநாடி காத்திருக்கிறது. பதில் வராததால் இணைப்பைத் துண்டித்து, வாடிக்கையாளரிடம் தோல்வி என்று சொல்லிவிடுகிறது. பேமென்ட் அமைப்போ கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. 14-ஆவது விநாடியில் பணத்தை எடுத்து முடித்து வெற்றி என்று பதில் அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. 25-ஆவது விநாடியில் வாடிக்கையாளர் மீண்டும் பொத்தானை அழுத்துகிறார். நாம்தானே மீண்டும் முயலச் சொன்னோம்.

அன்று இரவு அந்த அம்பைக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். சீக்வென்ஸ் டயகிராமில் நேரம் மேலிருந்து கீழே ஓடுகிறது, ஆனால் அளவு கிடையாது. அம்புகளைப் படுக்கையாகப் போட்டுவிட்டால் செய்தி கிளம்பியதும் சேர்ந்ததும் ஒரே கணம் என்றுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பதிலைச் சாய்வாக, தாமதத்தோடு வரைந்தேன். அது கடையின் கோட்டைத் தொடும் இடம், "தோல்வி" என்று வாடிக்கையாளருக்குப் போகும் அம்புக்குக் கீழே விழுந்தது. சக ஊழியர் அன்று கேட்டது இதைத்தான். ஒரு கோட்டைச் சாய்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். இந்த மாதிரிப் படம் ஒரு பக்கத்தில் அடங்கினால்தான் பயன். ஒவ்வொரு அம்பும் தொலைந்தால், தாமதமானால், இரண்டு முறை வந்தால் என்று வரையத் தொடங்கினால் மூன்று கோடுகளுக்கு நடுவே எதுவும் தெரியாது. தொலைந்த செய்திக்கு, இந்தப் படங்களுக்கான குறியீட்டு முறையான UML-இல் தனிக் குறியே இருக்கிறது, நுனியில் கருவட்டம் வைத்த அம்பு. அதை எல்லா இடத்திலும் போட யாருக்கும் தோன்றாது.

ஆனால் இந்த நியாயம் எனக்கு முழுதாக உதவவில்லை. நான் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போகவில்லையே. else என்று எழுதி மூடினேன். SUCCESS, DECLINED என்று இரண்டு கட்டங்கள் மட்டும் போட்டிருந்தால், மூன்றாவது எங்கே என்று நிரல் எழுதுபவர் கேட்டிருப்பார். else அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே தவறான பதிலைச் சொல்லிவிட்டது. பணம் மறுக்கப்பட்டது என்பது ஒரு செய்தி. பதில் வரவில்லை என்பது செய்தியே இல்லை. கடைக்கு அந்தக் கணத்தில் எதுவும் தெரியாது, அவ்வளவுதான். தெரியாததைத் தோல்வி என்று எழுதியது நான்.

கோரிக்கையை அடையாளம் காட்ட அதோடு அனுப்பும் `Idempotency-Key` என்ற சாவி இருந்தால் போதுமே என்று பிறகு ஒருவர் சொன்னார். அதே சாவியோடு இரண்டாவது கோரிக்கை போனால் பேமென்ட் அமைப்பு மறுபடி பணம் எடுக்காமல் முதல் முடிவையே திருப்பித் தரும். சாவி எங்களிடமும் இருந்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புதிதாக ஒன்று உருவாக்கினோம், அதனால் பயனில்லாமல் போனது. சரி, ஆர்டருக்கு ஒரே சாவி வைக்கலாமா? அட்டை உண்மையிலேயே மறுக்கப்பட்டு, வாடிக்கையாளர் வேறு அட்டையோடு வந்தால் அந்தப் பழைய மறுப்பே திரும்பி வந்து நிற்கும். எனவே முதல் முயற்சி என்னவாயிற்று என்று தெரிந்த பிறகே புதுச் சாவி தர வேண்டும். சுற்றிச் சுற்றி, பதில் வராவிட்டால் என்ன என்ற அந்த முதல் கேள்விக்கே வந்து சேர்கிறோம்.

படத்தை மாற்றினேன். மூன்றாவது கட்டம் TIMEOUT. அதில் கடை ஆர்டரை PENDING என்று குறித்துக்கொள்கிறது, வாடிக்கையாளரிடம் "சரிபார்க்கிறோம், மீண்டும் செலுத்த வேண்டாம்" என்கிறது. அப்புறம் ஒரு loop சட்டம்: முயற்சி எண்ணைக் கொடுத்து நிலை என்ன என்று கடை திரும்பத் திரும்ப பேமென்டைக் கேட்கிறது. பேமென்ட் தானாகவே அனுப்பும் வெப்ஹூக் செய்திக்கும் ஒரு அம்பு போட்டேன். நிலை கேட்டு வரும் பதிலும் வெப்ஹூக்கும் எந்த வரிசையிலும் வரலாம், வெப்ஹூக் இரண்டு முறைகூட வரலாம் என்பதால் அதற்கும் ஒரு குறிப்பு எழுதினேன். படம் இரண்டு பக்கமாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய படம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அப்போதெல்லாம் நான் முதலில் செய்தது சரிதானோ என்று தோன்றிவிடுகிறது. உடனே மூன்று முறை அழைத்த அந்த வாடிக்கையாளர் நினைவுக்கு வருகிறார். அவரிடம் இரண்டு முறை பொய் சொன்னது உதவிப் பிரிவு இல்லை, என் கட்டம்.

இந்தப் புதுப் படத்தையும் அன்று கேள்வி கேட்ட சக ஊழியரிடமே முதலில் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். loop சட்டத்தில் வந்து நின்றார். "நிலை கேட்டு அனுப்புறதுக்கும் பதில் வரலைன்னா, எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டே இருக்கும்?"

இந்த முறை நான் பதில் சொல்லவில்லை. 30 நிமிடம், அதன் பின் ஒரு ஆள் கையால் பார்க்க வேண்டும் என்று பிறகு நாங்கள் முடிவு செய்தோம். அந்த ஆளுக்குப் படத்தில் நான்காவதாக ஒரு கோடு வரைய வேண்டும். இன்னும் வரையவில்லை.