ஒரே பாத்ரூமுக்கு மூன்று விலை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாத்ரூமைத் திருத்த விலை சொல்ல மூன்று மேசன்மார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். முதலாமவர் 380,000 ரூபா என்றார். இரண்டாமவர் 620,000. மூன்றாமவர் சீமெந்துக் கடைத் துண்டொன்றின் பின்பக்கத்தில் 490,000 என்று எழுதித் தந்தார். கல்லடியில் எங்கள் வீட்டுப் பாத்ரூம் எட்டடிக்கு ஐந்தடி, அவ்வளவுதான். அதற்கு இத்தனை வித்தியாசமா?

"குறைஞ்ச காசுக்குச் செய்றவரையே கூப்பிடு புள்ள" என்று அம்மா சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். எனக்கு நித்திரை வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூவரையும் போனில் பிடித்து, அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்டேன். முதலாமவர் பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டப் போகிறார், சுவரில் நாலடி உயரம் மட்டும். கொமட் நாங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டாமவர் தரையை உடைத்து, வாட்டர்புறூப் பூசி, ஏழடி வரை டைல்ஸ் ஒட்டி, கொமட்டும் வேசினும் தானே வாங்கிப் பூட்டுவார். மூன்றாமவரின் விலையில் கூலி, சீமெந்து, மணல் மட்டும்தான். டைல்ஸ் எங்கள் செலவு.

அப்படியென்றால் அவர்கள் விலை சொன்னது மூன்று வேறு பாத்ரூமுக்கு. பிழை அவர்களில் இல்லை. என்ன வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே. "பாத்ரூமைத் திருத்த வேணும்" என்றேன், அவரவர் மனதில் பட்டதைக் கணக்குப் போட்டார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

என்னென்ன வேலை வேண்டும் என்று மூவருக்கும் ஒரே தாளாக எழுதுவதற்கு முன் பாத்ரூமை நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். பாதிதான் வடிகாலுக்குப் போனது. மிச்சம் கதவடி மூலையில் தேங்கி நின்றது. பிறகு ஐந்து ரூபாக் குற்றியால் டைல்ஸ்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஷவர் பக்கத்தில் ஆறு டைல்ஸ் "டொக் டொக்" என்று வெறுமையாகச் சத்தம் போட்டன, அடியில் பிடிப்பு விட்டுவிட்டது.

ஷவர் சுவரின் மறுபுறம் அம்மாவின் அறை. அங்கே இடுப்பளவு உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து, விரலால் தொட்டால் உப்புப் போல வெள்ளைத் தூள் உதிர்கிறது. டைல்ஸ் இடுக்கால் இறங்கிய தண்ணீர் சாந்துக்குள் ஊறி, சீமெந்துக் கல்லுக்கால் கடந்து அந்தப் பக்கம் காய்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் செய்தவர் டைல்ஸுக்கு அடியில் ஒன்றும் பூசவில்லை என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. மேலே எவ்வளவு வடிவான டைல்ஸை ஒட்டினாலும் இந்த ஊறல் நிற்காது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று முழுக்க எழுத்துத்தான். முதலில் அளவுகள். தரை 40 சதுர அடி. சுற்றுச்சுவர் 26 அடி, ஏழடி உயரத்துக்கு 182, அதில் இரண்டரை அடிக் கதவைக் கழித்தால் 164.5. ஜன்னல் ஏழடிக்கு மேலே இருப்பதால் கழிக்கவில்லை. ஆகச் சுமார் 205. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து வீதம் சேர்த்து 225 சதுர அடி டைல்ஸ் என்று எழுதினேன். இதே எண்ணில்தான் மூவரும் விலை போட வேண்டும்.

"நல்ல டைல்ஸ்" என்று எழுதி வெட்டினேன். யாருக்கு நல்லது? டைல்ஸ் வாங்க சதுர அடிக்கு 350 ரூபா, மொத்தம் 78,750 என்று மூவருக்கும் ஒரே தொகையை வைத்தேன். கடையில் கூடக் குறைய வந்தால் அந்த வித்தியாசம் மட்டும் எங்கள் கணக்கு. தரைக்கு வழுக்காத வகை என்பதையும் சேர்த்தேன். கொமட், வேசின், ஷவர் நாங்கள் வாங்குவோம், பூட்டுவது அவர்கள்.

தரைக்குத்தான் அதிக நேரம் போனது. பழைய டைல்ஸையும் சாந்தையும் கொங்கிரீட் வரை கொத்தி எடுக்க வேண்டும். மேலேயே ஒட்டினால் தரை உயர்ந்து, குளிக்கும் தண்ணீர் அறைக்குள் வரும். முடிந்த தரை அறைத் தரையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். வடிகாலை நோக்கி ஐந்தடிக்கு முக்கால் அங்குலமாவது சரிவு, அந்தச் சரிவை முதலில் சாந்திலேயே எடுத்து, அதன் மேல்தான் வாட்டர்புறூப்.

வாட்டர்புறூப் தரை முழுக்க, சுவரில் ஓரடி உயரம், ஷவர் பக்கத்து மூன்று சுவர்களில் ஆறடி உயரம், இரண்டு பூச்சு. கணக்குப் பார்த்தால் சுமார் 118 சதுர அடி. பூச்சுக் காய்ந்ததும் வடிகாலை அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணித்தியாலம் விட வேண்டும். வெக்கையில் மெல்லியதாக வற்றுவது சரி. கோட்டைவிட்டு நன்றாக இறங்கினால் திரும்பப் பூச வேண்டும். நான் பார்த்து "சரி" சொன்ன பிறகே டைல்ஸ்.

கல் மண் அள்ளிக்கொண்டு போவது யார் என்பதையும் எழுதினேன். போன முறை அந்தக் குவியல் எங்கள் கிணற்றடியில் மூன்று மாதம் கிடந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

தாளை மூவருக்கும் கொடுத்தேன். மூன்றாமவர் வாசித்துவிட்டு, "மிஸ், நிலத்துக்குக் கீழ இருக்கிற பைப் எப்படி எண்டு உடைச்சாத்தானே தெரியும்" என்றார். நியாயமான கேள்வி. தெரியாததற்கு மொத்த விலை கேட்டால், ஒருவர் பயத்தில் கூட்டிப் போடுவார், இன்னொருவர் விட்டுவிட்டுப் பிறகு கேட்பார். அதனால் நாலங்குலக் கழிவு பைப் மாற்றுவதற்கு அடிக்கு இவ்வளவு என்ற விலை தரச் சொன்னேன். ஒப்பிடுவதற்காக மூவரும் 12 அடி என்று எடுக்க வேண்டும். செலவாவது அளந்த அளவுக்குத்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இரண்டாமவர், அம்மாவுக்குப் பிடிகம்பி எங்கே வேண்டும் என்று கேட்டார். அது தாளில் இல்லை, என் மறதி. கொமட் இருக்கும் உயரத்துக்கு ஒரு கதிரையை வைத்து அம்மாவை உட்காரச் சொன்னேன். எழும்பும்போது கை தானாகச் சுவரில் ஊன்றிய இடத்தைப் பென்சிலால் குறித்தேன், தரையிலிருந்து 31 அங்குலம். பதிலை அவருக்கு மட்டும் அனுப்பாமல், அளவோடு மூவருக்கும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாவிட்டால் விலை மறுபடி பிரிந்துவிடும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வந்துவிட்டது. முதலாமவர் 595,000, இரண்டாமவர் 610,000, மூன்றாமவர் 560,000. இரண்டு இலட்சத்து நாற்பதாயிரமாக நின்ற இடைவெளி ஐம்பதாயிரத்துக்குச் சுருங்கிவிட்டது. அம்மா சொன்ன 380,000 முழு வேலைக்கான விலையே இல்லை.

வேலை வேலையாக விலை கேட்டிருந்ததால் ஓர் இடம் கண்ணில் குத்தியது. வாட்டர்புறூப்புக்கு மூன்றாமவர் 12,000 மட்டும் போட்டிருந்தார், மற்ற இருவரும் அதைப் போல மூன்று மடங்கு. கூப்பிட்டுக் கேட்டேன். சதுர அடிக்கு 300 படி தரையின் 40 சதுர அடியை மட்டும் கணக்கெடுத்திருக்கிறார். சுவர்ப் பூச்சை வாசிக்காமல் விட்டுவிட்டார். 118க்குத் திருத்தினால் 35,400. மொத்தம் 583,400.

அப்படியும் அவர்தான் குறைவு. இரண்டு பிரதியிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தோம். தண்ணீர் கட்டிப் பார்த்து முடியும்வரை இரண்டாவது தவணை இல்லை என்பதற்கும் ஒத்துக்கொண்டார். செப்டம்பர் 1 திங்கள் உடைக்கத் தொடங்குகிறார்கள், மாரி மழைக்கு முன் முடித்துவிடலாம்.